பெயரோடு போடலாமா என்று கேட்ட பிறகு

செவ்வாய்க்கிழமை காலை 6.40. விழித்ததும் முதலில் பார்த்தது கைபேசியில் வந்திருந்த ஒரு படம். நான் எடுத்த படம்தான். மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு மாவுத் தொழிற்கூடத்தின் லோரி ஏற்றுமிடம், அடுக்கி வைத்த மாவுப் பொட்டலங்கள், அவற்றுக்குப் பின்னால் வரிசையாக நீல வாளிகள். ஒரு வாளியைச் சுற்றி யாரோ விரலால் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கினேன். மூடியில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவில் கறுப்பு மார்க்கரால் ஓர் உணவகத்தின் பெயர் எழுதியிருந்தது. படத்தின் கீழே ஒரே வரி: "தம்பி, இத பாத்தீங்களா?"

அனுப்பியவர் அந்தத் தொழிற்கூடத்தின் அக்கா. அவரும் அவருடைய தம்பியும் அதன் இரண்டு இயக்குநர்கள். இட்லி, தோசை மாவு அரைத்து, மினிமார்க்கெட்டுகளுக்குப் பொட்டலமாகவும் உணவகங்களுக்கு வாளியிலும் அனுப்புகிறார்கள்.

நான் பதினோரு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் நிருபராகவும் பிறகு துணையாசிரியராகவும் இருந்தவன். இப்போது கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில், ஒரு புரோகிராமரோடு சேர்ந்து, சிறு உணவுத் தொழில்களுக்கு ஆர்டர் எடுக்கும் ஏற்பாட்டைச் செய்து தருகிறேன். அந்த மாவுத் தொழிற்கூடம் எங்கள் நான்காவது வாடிக்கையாளர். நாங்கள் வருவதற்கு முன்பு எந்தக் கடைக்கு எத்தனை பொட்டலம் என்பதை லோரி ஓட்டுநர் நினைவிலிருந்து முடிவு செய்தார். விற்காதது புளித்துத் திரும்பி வந்தது. எங்கள் ஏற்பாட்டில் ஒவ்வொரு கடையும் மதியம் இரண்டு மணிக்குள் வாட்ஸ்அப்பில் எண்ணிக்கை சொல்லும். சொல்லாத கடைக்கு, கடந்த நான்கு வாரங்களில் அதே கிழமையில் விற்றதன் சராசரி போகும். அவ்வளவுதான். திரும்பி வருவது குறைந்தது.

அந்த விவரத்தை ஒரு பக்கமாக எழுதி, அவர்கள் பெயரோடும் படத்தோடும் எண்களோடும் முந்தின நாள் மாலை எங்கள் இணையதளத்தில் ஏற்றி, இணைப்பை அக்காவின் தம்பிக்கு அனுப்பியிருந்தேன். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கல்லூரி கேன்டீன்கள் நடத்தும் காஜாங் நிறுவனம் ஒன்று எங்கள் திட்டத்தைக் கேட்டிருந்தது. அதன் அதிகாரி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கிள்ளானில் ஓர் உணவு நிறுவனம்னு எழுதாதீங்க சார். பேரு வேணும். நாங்க போன் பண்ணி கேக்கக்கூடிய ஆளு வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள." மற்ற மூன்று வாடிக்கையாளர்களும் பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு பக்கம் இல்லையென்றால் காஜாங் வேலை இல்லை. அந்த வேலை இல்லையென்றால் புரோகிராமர் ஆண்டு முடிவில் வேறு இடம் பார்க்கவேண்டியதுதான். அவர் அதை என்னிடம் மறைக்கவில்லை.

6.43க்குப் பக்கத்தை எடுத்துவிட்டேன். பிறகு அக்காவை அழைத்தேன்.

"எடுத்துட்டேன் அக்கா."

"எடுத்தது சரி. என் தம்பி அதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டான். அஞ்சரைக்கு லோரி ஏத்தி முடிச்சிட்டு, நம்மள பத்தி எழுதிட்டாங்கன்னு சந்தோஷத்துல போட்டிருக்கான். அந்தக் கடைக்காரரு ஆறு பன்னெண்டுக்குப் பாத்திருக்காரு. பாத்தவங்க லிஸ்ட்ல இருக்கு."

அவர் குரல் உயரவில்லை. பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"அந்தக் கடையில என்ன எழுதி வச்சிருக்காங்கன்னு தெரியும்ல தம்பி?"

தெரியும். அந்த உணவகம் எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் காலை உணவு. கல்லாவுக்கு மேலே, தமிழிலும் மலாயிலும், பெரிய எழுத்தில் பலகை: எங்கள் கடையில் அரைத்த மாவு. அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து பல காலைகள் தோசை சாப்பிட்டிருக்கிறேன். அதே கடையின் பெயர் எழுதிய வாளியைக் கிள்ளானில் நின்று படம் எடுத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. படத்தில் வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். வாளிகள் பின்னணி என்று நினைத்தேன்.

வெளியிலிருந்து மாவு வாங்கும் கடைகள் இங்கே நிறைய. ஆள் கிடைப்பதில்லை, கிரைண்டர் வைக்க இடமில்லை. ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. மாவு விடிவதற்கு முன் பின்வாசல் வழியாக வரும், காலி வாளி பின்வாசல் வழியாகவே போகும். மாவுக்காரர்கள் தங்கள் லோரியில் பெயர்கூட எழுதுவதில்லை. அந்தத் தொழிலில் வாடிக்கையாளர் பெயரைச் சொல்லாமல் இருப்பதும் சரக்கின் ஒரு பகுதி. இது எனக்கு அன்றைக்குப் புதிதாகத் தெரிந்ததல்ல. தெரிந்தும் எழுதினேன். கட்டுரையின் இரண்டாவது பத்தியில் 'பிரிக்ஃபீல்ட்ஸின் பெயர்பெற்ற உணவகங்களுக்கு அதிகாலையில்' என்ற வரியும் இருந்தது.

ஏன் அப்படி நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். பத்திரிகையில் எனக்குச் சொல்லித் தரப்பட்டது இரண்டு விதி. நோட்டுப் புத்தகம் திறந்திருக்கும்போது ஒருவர் சொன்னது சொன்னதுதான். அச்சுக்குப் போகும் முன் செய்தியை அதில் வருகிறவரிடம் காட்டாதே. இரண்டும் நல்ல விதிகள், அந்த வேலைக்கு. பெயரோடு போடலாமா என்று அக்காவின் தம்பியிடம் கேட்டேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டே, "போடுங்க பாஸ், நல்லாத்தானே எழுதப்போறீங்க" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. புரோகிராமர் ஓர் அனுமதிப் படிவம் தயாரித்து என் பையில் வைத்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசும் மனிதர்களிடம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. படிவம் பையிலேயே இருந்தது.

7.25க்கு அந்த உணவகத்துக்குப் போனேன். உரிமையாளர் கல்லாவில் இருந்தார். அறுபதை நெருங்கியவர். வழக்கமாக என்னைப் பார்த்ததும் ஒரு தோசை, ஒரு தே தாரேக் டீ என்று உள்ளே குரல் கொடுப்பார். அன்று கொடுக்கவில்லை.

"அண்ணே, அந்தப் படத்த நான்தான் எடுத்தேன். நான்தான் போட்டேன். மாவுக்காரங்களுக்கு அதுல பங்கு இல்ல. அவங்க பாக்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். இப்ப எடுத்தாச்சு."

கைபேசியைக் காட்டினேன். பக்கம் இல்லை என்று திரையில் வந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"யாரு யாரு பாத்தாங்க?"

"நேத்து ராத்திரிலேருந்து பதினேழு பேரு. அதுல பாதி நானும் என் கூட வேலை செய்யறவங்களும்."

"மீதி?"

"தெரியல அண்ணே."

அவர் ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்து முடித்தார். "பேப்பர்ல இருந்த ஆளுதானே நீ. ஒரு கடைக்காரன் பேர போடணும்னா அவன ஒரு வார்த்த கேக்கணும்னு அங்க சொல்லித் தரலியா?"

"உங்க பேர போடறேன்னே எனக்குத் தெரியல அண்ணே. படத்துல இருந்தத நான் படிக்கல."

"படிக்கலியா. நல்லா படிச்ச ஆளு." கல்லா மேசையைத் துணியால் துடைத்தார். "அந்தப் பொண்ணு கிட்ட சொல்லு. நான் ஆர்டர நிறுத்தல. கோவம் உன் மேலதான்."

அங்கிருந்தே அக்காவுக்கு அந்த வாக்கியத்தை அப்படியே அனுப்பினேன். பதிலுக்கு இரண்டு நீலக் குறிகள் மட்டும் வந்தன. நேரில் போகாமல் முடியாது என்று தோன்றியது. கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் ஏறினேன். வண்டியில் உட்கார்ந்து காஜாங் அதிகாரிக்குச் செய்தி எழுதினேன்: நேற்று அனுப்பிய இணைப்பை எடுத்துவிட்டோம், வாடிக்கையாளரின் முழு அனுமதி பெறாமல் வெளியிட்டது எங்கள் தவறு. அனுப்புவதற்கு முன் நான்கு முறை திருத்தினேன். ஷா ஆலாம் தாண்டும்போது பதில் வந்தது. 'அனுமதி வாங்கிட்டு அனுப்புங்க. வெள்ளி வரைக்கும் டைம் இருக்கு.'

தொழிற்கூடம் மேரு பக்கம், மூன்று கடை அகலமுள்ள ஒரு வரிசைக் கட்டடத்தில். காலை வேலை முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊறவைத்த உளுந்தின் வாசனை. அக்காவின் தம்பி வாசலிலேயே நின்றார். நாற்பது வயது, ஈரமான பூட்ஸ்.

"பாஸ், என் மேலயும் தப்பு லா. நான் ஸ்டேட்டஸ் போடாம இருந்திருந்தா அவரு பாத்தே இருக்க மாட்டாரு."

"வேற யாராச்சும் பாத்திருப்பாங்க."

"அதுவும் சரி." சற்று யோசித்தார். "ஆனா படம் நல்லா வந்திருந்திச்சு."

அக்கா அலுவலக அறையில் இருந்தார். கண்ணாடித் தடுப்பு, ஒரு மேசை, மேசை மேல் நிறுவனத்தின் சாப்பு, மைப் பெட்டியோடு. அந்த ரப்பர் முத்திரை இல்லாமல் அந்த நிறுவனத்தின் எந்தக் கடிதமும் செல்லாது. அது எப்போதும் அவரிடம்தான் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டது தம்பியிடம் மட்டும்.

மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தை மறுபடி ஏற்றப்போவதில்லை என்றும் சொன்னேன். காஜாங் வேலையைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். அவர் கேட்டார்.

"எதுக்கு இவ்ளோ அவசரமா போட்டீங்க? நீங்க அவசரப்படற ஆளு இல்லியே."

சொன்னேன். வெள்ளிக்கிழமை, பெயர், புரோகிராமர், பையிலேயே கிடந்த படிவம், எல்லாம். நான் முடிக்கும்வரை அவர் கேட்டார்.

"இத அப்பவே என்கிட்ட சொல்லியிருந்தா, எனக்கு என்ன செய்யணும்னு தெரிஞ்சிருக்கும். உங்க ஏற்பாடு நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல தம்பி. நல்லாத்தான் இருக்கு. எங்க வாயால எங்கள பத்திச் சொல்றோம். கடைக்காரங்கள பத்தி நாங்க எப்படிச் சொல்ல முடியும்? அது எங்களுக்குச் சொந்தமானது இல்ல." கையை நீட்டினார். "கட்டுரைய குடுங்க. அந்த அனுமதிப் பாரமும் இருக்குன்னு சொன்னீங்கள்ல, அதையும் குடுங்க."

பதினோரு ஆண்டுப் பத்திரிகை வேலையிலும் அதற்குப் பிறகும், நான் எழுதியதை வெளிவரும் முன் செய்திக்குரியவரிடம் கொடுத்தது அதுதான் முதல் முறை. பேனாவையும் கொடுத்தேன்.

அவர் வரி வரியாகப் படித்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் வரியை அடித்தார். எத்தனை உணவகங்கள் என்று குறிப்பிட்டிருந்ததையும் அடித்தார். "எண்ணிக்கை சொன்னா எது எதுன்னு தேடுவாங்க." லோரி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதை அடித்தார். தம்பி சொன்னதாக நான் எழுதியிருந்த மேற்கோளுக்கு வந்ததும் நிறுத்தி, சத்தமாகப் படித்தார்: "இந்த நவீன ஏற்பாடு எங்கள் அன்றாடச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றத்தை ஏற்படுத்தியுள்ளது." தடுப்புக்கு வெளியே பார்த்துக் கூப்பிட்டார். "டேய், நீ இப்படியா பேசுன?"

"நான் எங்க பேசுனேன். பாஸ் கேட்டாரு, எப்படி இருக்குன்னு. முன்ன மாதிரி புளிச்ச மாவ தூக்கிட்டு வரவேண்டியதில்ல, முதுகு வலி கொறஞ்சிச்சுன்னு சொன்னேன்."

"அதையே போடுங்க தம்பி."

போட்டேன்.

பிறகு எண்களுக்கு வந்தார். தலைப்பே அதுதான். திரும்பி வரும் பொட்டலம் நான்கில் ஒன்றாகக் குறைந்தது என்று எழுதியிருந்தேன். நாளைக்குச் சராசரி முப்பத்தொன்று வந்த இடத்தில் எட்டு. எண்கள் அவர்களுடைய குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை. நானே இரண்டு முறை கூட்டிப் பார்த்திருந்தேன்.

"முப்பத்தொன்னு எந்த மாசம்?"

"ஆடி, ஆவணி. நாங்க ஆரம்பிக்கறதுக்கு முந்தின ரெண்டு மாசம்."

"எட்டு?"

"புரட்டாசி."

பேனாவை மேசையில் வைத்தார். "புரட்டாசில யாரு தம்பி மாவ திருப்பி அனுப்புவா? பாதி சனம் மாமிசம் தொடாது. காலையிலயும் இட்லி, ராத்திரியும் தோசை. அந்த மாசம் எப்பவுமே கம்மியாத்தான் வரும். அதுல உங்க புண்ணியம் கொஞ்சம், பெருமாள் புண்ணியம் கொஞ்சம்."

நானும் அந்த மாதம் முழுக்க விரதம் இருந்தவன்தான்.

எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்து போன வருடத்துக் குறிப்பேட்டை எடுத்தார். போன புரட்டாசியின் பக்கங்களைப் பிரித்துக் கால்குலேட்டரில் தட்டினார். அந்த மாதத்தில் நாளைக்குச் சராசரி பதினெட்டு. இந்தப் புரட்டாசியில் எட்டு.

"கடைங்க எண்ணிக்கை மாறியிருக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு புதுசா வந்திச்சு, ஒன்னு போச்சு. பெரிய வித்தியாசம் இல்ல. அதையும் எழுதிக்குங்க." பதினெட்டு என்று ஓரத்தில் எழுதி, கீழே கோடு போட்டார். "இதுவே பாதிக்குக் கீழ. இது போதாதா?"

"போதும் அக்கா."

"காஜாங்காரங்களுக்கு அந்தப் பழைய நம்பர் போயிருக்குல்ல. அதையும் திருத்திச் சொல்லிடுங்க. நாளைக்கு அவங்க என்னைக் கேட்டா நான் முப்பத்தொன்னுன்னு சொல்ல மாட்டேன்."

கேட்டால் என்று அவர் சொன்னபோதுதான் அவர் என்ன செய்ய முடிவு செய்திருக்கிறார் என்று புரிந்தது. படிவத்தை எடுத்து, அதையும் அதே பொறுமையோடு படித்தார். நிறுவனத்தின் பெயர்: சரி. சின்னம்: சரி. எண்கள்: திருத்தியபடி. மேற்கோள்: திருத்தியபடி. படம்: 'எங்களிடம் காட்டிய பிறகு' என்று கையால் எழுதினார். எங்கே பயன்படுத்தலாம் என்ற இடத்தில் இணையதளத்தையும் வேலைக்கான திட்ட அறிக்கைகளையும் அப்படியே விட்டுவிட்டு, விளம்பரம், கண்காட்சி இரண்டையும் அடித்து, 'மறுபடி கேட்கவேண்டும்' என்றார். எப்போது கேட்டாலும் எடுத்துவிடவேண்டும் என்ற வரி படிவத்தில் ஏற்கெனவே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு குறி போட்டார். தொடர்பு கொள்ளக்கூடியவர் என்ற கோட்டில் தன் பெயரையும் தன் கைபேசி எண்ணையும் எழுதி, 'காலை பத்து மணிக்கு மேல்' என்று சேர்த்தார். அந்த எண் இணையத்தில் வரக்கூடாது, காஜாங் அதிகாரிக்கு மட்டும் தரலாம் என்றார். அதையும் எழுதிக்கொண்டோம்.

தம்பியைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். தானும் போட்டார். பிறகு சாப்பை மையில் அழுத்தி, இரண்டு பிரதியிலும் குத்தினார். ஒன்றை என்னிடம் கொடுத்தார், ஒன்றைக் கோப்பில் போட்டார்.

நன்றி என்று சொன்னேன். சரியான சொல்லாகத் தோன்றவில்லை. வேறு சொல் இல்லை. அன்று காலை அவருடைய மிகப் பழைய வாடிக்கையாளரான அந்த உணவகத்தை இழக்க வைத்திருக்கக்கூடியவன் நான். அவர் என்னை உட்கார வைத்து, என் கட்டுரையைத் திருத்தி, என் எண்ணைச் சரியாக்கி, தன் பெயரையும் கொடுத்தார். நாளிதழில் ஒரு செய்தியாசிரியர்கூட என் பிரதியை அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. அந்தத் தலைப்பு அப்படியே போயிருந்தால், கணக்குத் தெரிந்த யாராவது ஒருவர் கார்த்திகை மாதத்தில் புரட்டாசியைப் பற்றிக் கேட்டிருப்பார். எனக்குப் பதில் இருந்திருக்காது.

தம்பி புதிய படத்துக்கு இடம் ஒழுங்கு செய்தார். வாளிகளை உள்ளே தள்ளி, பொட்டலங்களை மட்டும் அடுக்கினார். நான் எடுத்தேன். அக்கா கைபேசியை வாங்கி, மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த விநியோகப் பட்டியலின் ஓரம் ஒரு மூலையில் தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை எடுத்தோம்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல அக்கா. இன்னிக்குக் காலையில எனக்குத் தோசை கெடைக்கல."

அவர் சிரித்தார். அன்றைக்கு அப்போதுதான். "அவரு ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வச்சிக்குவாரு. அப்புறம் சரியாயிடும். போயி சாப்புடுங்க. நல்ல மாவு அது."

திரும்பும் வழியில் காஜாங் அதிகாரிக்குப் புதிய எண்ணை எழுதினேன். பழையது ஏன் தவறு என்பதை மூன்று வரியில் விளக்கினேன். அனுமதிப் படிவத்தின் நகலைப் புரோகிராமருக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்கு எதுவும் கேலியாக எழுதவில்லை. 'சாப்பு தெளிவா விழுந்திருக்கு' என்று மட்டும் எழுதினார்.

திருத்திய பக்கத்தைப் புதன்கிழமை மாலை அக்காவுக்கு அனுப்பினேன். இரவு ஏழேகாலுக்கு 'சரி' என்று பதில் வந்தது. ஏழரைக்கு ஏற்றினேன்.

வியாழக்கிழமை பத்து மணி இருபது நிமிடத்துக்குக் காஜாங் அதிகாரி அக்காவை அழைத்தார். இருவரும் பதினொரு நிமிடம் பேசினார்கள். பேசி முடித்ததும் அக்கா எனக்கு ஒரு வரி அனுப்பினார்: 'பதினெட்டுன்னுதான் சொன்னேன், அவருக்கு அது போதுமாம்.'